வெட்டிய ஓரம் எங்கே போகிறது?

(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சிறிய செய்திதான். நாம் எல்லோரும் படம் எடுக்கிறோம். ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி, மரம் நடும் நாள், பணி நிறைவு விழா என்று ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கில் படங்கள் சேருகின்றன. அவற்றை அறிக்கையில் சேர்க்கும்போதும், பள்ளி மலருக்கு அனுப்பும்போதும் வேண்டாத ஓரங்களைக் கிராப் செய்கிறோம். பாடநூல் தமிழில் இதைச் செதுக்குதல் என்கிறோம். சில மென்பொருள்களில் ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் செதுக்கிய ஓரத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரலாம். வேறு சிலவற்றில் சேமித்து மூடியவுடன் அது ஒரேயடியாகப் போய்விடுகிறது. இரண்டிலும் நாம் செய்த செயல் ஒன்றுதான். திரையில் தெரிந்ததும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரம் திரும்பி வரும் மென்பொருள், உண்மையில் எதையும் வெட்டவே இல்லை. "இந்தப் படத்தில் இங்கிருந்து இதுவரை மட்டும் காட்டு" என்று ஒரு குறிப்பை எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவே.

கத்தரிக்கோலும் அட்டைச் சட்டமும்

பழைய காலப் பிரிண்ட் படத்தை எண்ணிப் பாருங்கள். அதன் ஓரத்தை நீக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கத்தரிக்கோலால் வெட்டி எறிவது. மற்றொன்று, சட்டம் போடும் கடையில் செய்வது போல, நடுவில் சன்னல் வெட்டிய ஓர் அட்டையைப் படத்தின் மேல் வைத்துக் கண்ணாடி போடுவது. சுவரில் மாட்டிய பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவதில் அட்டைக்குப் பின்னால் முழுப் படமும் இருக்கிறது. அட்டையை மாற்றினால் ஓரம் மீண்டும் தெரியும்.

கணினியிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. விண்டோஸில் உள்ள பெயிண்ட் கத்தரிக்கோல் வகை. கிராப் செய்து Save கொடுத்தால், எஞ்சிய பகுதி மட்டும் புதிய படமாக எழுதப்பட்டுப் பழைய கோப்பின் இடத்தில் அமர்ந்துவிடுகிறது. லைட்ரூம், டார்க்டேபிள் போன்ற மென்பொருள்களும், இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் படத்தொகுப்புச் செயலிகளும் அட்டைச் சட்டம் வகை. இவற்றில் டார்க்டேபிள் இலவசம். பள்ளிகளில் உள்ள லினக்ஸ் கணினிகளிலும் இயங்கும்.

இங்கே ஒரு ஐயம் வரும். "பெயிண்டில்கூட Ctrl+Z அழுத்தினால் ஓரம் திரும்பி வருகிறதே?" என்று கேட்பீர்கள். வருகிறது, உண்மைதான். ஆனால் அது வேறு ஏற்பாடு. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் வரை, முந்தைய நிலையைக் கணினி தன் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கிறது. மென்பொருளை மூடியதும் அந்த நினைவு கலைந்துவிடும். கரும்பலகையில் எழுதியது மணியடிக்கும் வரை இருப்பதைப் போன்றது அது. நாம் பேசுவது மூடி, கணினியை அணைத்து, அடுத்த ஆண்டு திறந்தாலும் திரும்பி வருகிற ஓரத்தைப் பற்றி.

குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது?

அந்தக் குறிப்பு எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் 4000 பிக்சல், உயரம் 3000 பிக்சல். கைப்பேசிப் படங்களில் மிகச் சாதாரணமான அளவு இது. 12 மெகாபிக்சல் என்று சொல்வது இதைத்தான். பள்ளியின் குழுப் படம் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் சைக்கிள் நிறுத்தம் தெரிகிறது, கீழே வெறும் மணல். எனவே இடப்பக்கம் ஐந்தில் ஒரு பங்கையும், மேலே பத்தில் ஒரு பங்கையும், வலப்பக்கம் பத்தில் ஒரு பங்கையும், கீழே ஐந்தில் ஒரு பங்கையும் மறைக்கிறோம். லைட்ரூம் இதை எழுதி வைக்கும் முறை இதுதான்:

```
crs:HasCrop="True"
crs:CropLeft="0.2"
crs:CropTop="0.1"
crs:CropRight="0.9"
crs:CropBottom="0.8"
```

ஐந்தே வரிகள். முதல் வரி "செதுக்கல் உண்டு" என்கிறது. மற்ற நான்கும் நான்கு எல்லைகள். படத்தின் இட மேல் மூலையைத் தொடக்கமாகக் கொண்டு, முழு அகலத்தையும் முழு உயரத்தையும் 1 என்று வைத்து அளந்த தசம எண்கள் அவை. கணித ஆசிரியர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரு செவ்வகத்தைக் குறிக்க எதிரெதிர் மூலைகள் இரண்டின் ஆயத்தொலைகள் போதும். அதுதான் இங்கே இருக்கிறது. நாம் வகுப்பில் வரையும் வரைபடத்தில் y மேல்நோக்கி வளரும். இங்கே கீழ்நோக்கி வளர்கிறது, அது ஒன்றுதான் வேறுபாடு.

படத்தைத் திறக்கும்போதெல்லாம் மென்பொருள் ஒரு சிறு கணக்குப் போடுகிறது. 4000-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 800, 0.9-ஆல் பெருக்கினால் 3600. ஆகவே 800-ஆவது பிக்சலிலிருந்து 3600 வரை, 2800 பிக்சல் அகலம். உயரத்தில் 300 முதல் 2400 வரை, 2100 பிக்சல். அந்தச் செவ்வகத்தை மட்டும் மூலப் படத்திலிருந்து எடுத்துத் திரையில் காட்டுகிறது. மூலக் கோப்பில் உள்ள படத்தில் ஒரு பிக்சலைக்கூடத் தொடவில்லை.

பிக்சல் எண்ணையே எழுதாமல் தசமத்தில் எழுதுவானேன் என்று கேட்கலாம். ஒரே படத்தை மென்பொருள் பல அளவுகளில் காட்ட வேண்டியிருக்கிறது. பட்டியலில் சிறு முன்னோட்டம், திரையில் நடுத்தர அளவு, அச்சுக்கு முழு அளவு. 400-க்கு 300 என்ற சிறு முன்னோட்டத்திலும் 0.2 என்பது 80-ஆவது பிக்சலைக் காட்டும். குறிப்பு ஒன்றே எல்லா அளவுக்கும் பொருந்துகிறது.

இப்போது இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். அகலத்தில் எஞ்சியது 0.7 பங்கு, உயரத்தில் எஞ்சியது 0.7 பங்கு. பரப்பில் எஞ்சியது 0.49 பங்கு. ஓரத்தைக் "கொஞ்சம்" தட்டியது போலத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் படத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. 1 கோடியே 20 இலட்சம் பிக்சல்களில் 61 இலட்சத்து 20 ஆயிரம் வெளியே நிற்கின்றன. கத்தரிக்கோல் வகை மென்பொருளாக இருந்தால் அவை அழிந்தே போயிருக்கும். எட்டாம் வகுப்பில் பரப்பளவு நடத்தும்போது இந்தக் கணக்கையே கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் சொல்லும் விடை பெரும்பாலும் 30 விழுக்காடாகத்தான் இருக்கும்.

ஓரத்தில் நின்றவர்

இது எங்கே தேவைப்படும் என்பதற்கு நான் அறிந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒரு பள்ளியின் விழா மலர்ப் பணிக்கு உதவச் சென்றிருந்தேன். பல ஆண்டுகள் சத்துணவுக் கூடத்தில் சமைத்து, பிள்ளைகளுக்குப் பரிமாறி, பின்பு காலமாகிவிட்ட ஓர் அம்மாவின் படத்தை மலரில் போட வேண்டும் என்று முன்னாள் மாணவர்கள் விரும்பினார்கள். அவர் படமெடுத்துக்கொள்ள முன்னால் வந்து நின்றவர் அல்லர். தேடியதில் இரண்டு குழுப் படங்களில் மட்டும் அவர் இருந்ததாக ஆசிரியர்கள் நினைவுகூர்ந்தார்கள். இரண்டிலும் இடப்பக்க ஓரத்தில், வரிசையை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றிருக்கிறார். இரண்டு படங்களும் முன்பே அறிக்கைக்காகச் செதுக்கப்பட்டவை. செதுக்கியதில் அவர் வெளியே போய்விட்டார்.

முதல் படம் ஓர் ஆசிரியையின் மடிக்கணினியில், டார்க்டேபிளில் செதுக்கப்பட்டிருந்தது. கோப்புறையைத் திறந்தோம். படக் கோப்புக்குப் பக்கத்தில், அதே பெயரோடு .xmp என்று முடியும் ஒரு சிறு கோப்பும் இருந்தது. டார்க்டேபிளில் படத்தைத் திறந்து crop என்ற பகுதிக்குப் போனதும், செவ்வகத்துக்கு வெளியே மங்கலாக முழுப் படமும் தெரிந்தது. இடப்பக்க எல்லையைப் பிடித்து வெளியே இழுத்தோம். மேலே சொன்ன கணக்கில் பார்த்தால், 0.2 என்று இருந்ததை 0.05 என்று ஆக்கியது போல. 800-ஆவது பிக்சலில் தொடங்கிய படம் இப்போது 200-இல் தொடங்கியது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் படத்தின் தெளிவைக் கவனிக்க வேண்டும். மீட்ட பகுதி நடுப்பகுதியைப் போலவே கூர்மையாக இருந்தது. மென்பொருள் எதையும் நீட்டவில்லை, கற்பனையாக நிரப்பவும் இல்லை. கேமரா அன்று பதிவுசெய்த அதே பிக்சல்களை மூலக் கோப்பிலிருந்து மீண்டும் படித்தது. ஜேபெக் வகைப் படங்களுக்கு இது இன்னொரு நன்மை. ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்தி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தெளிவு சிறிது குறையும். குறிப்பு எழுதும் முறையில் பத்து முறை செதுக்கலை மாற்றினாலும் மூலம் மாறுவதில்லை. கடைசியில் வெளியே எடுக்கும்போது ஒரே ஒரு முறைதான் சேமிப்பு நடக்கிறது.

இரண்டாவது படத்துக்கு வருவோம். அது பெயிண்டில் செதுக்கப்பட்டு, அதே பெயரில் சேமிக்கப்பட்டிருந்தது. கேமரா அட்டையை எப்போதோ அழித்துவிட்டார்கள். படத்தின் அளவைப் பார்த்தோம். கேமராவின் வழக்கமான 4000-க்கு 3000 இல்லை, ஒழுங்கற்ற ஏதோ ஓர் எண். அதைக் கண்டதுமே தெரிந்துவிட்டது, தேடிப் பயனில்லை என்று. இடப்பக்க விளிம்பில் அவருடைய முழங்கை மட்டும் இருந்தது.

குறிப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்

ஓரம் திரும்பி வர இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று தொடப்படாத மூலப் படம். மற்றொன்று அதற்கான குறிப்பு. குறிப்பு தொலைந்தால் செதுக்கல் போகும், ஆனால் படம் பிழைக்கும். மூலம் தொலைந்தால் குறிப்பு இருந்தும் பயனில்லை. ஆகவே குறிப்பு எங்கே எழுதப்படுகிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சில மென்பொருள்கள் படத்துக்குப் பக்கத்தில் தனிக் கோப்பாக வைக்கின்றன. டார்க்டேபிளின் .xmp கோப்பு அப்படிப்பட்டது. ஐபோனில் திருத்திய படத்தைக் கேபிள் வழியாகக் கணினியில் பார்த்தவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். IMG_0123 என்ற மூலப் படம் ஒன்று, IMG_E0123 என்று எண்ணுக்கு முன்னால் E சேர்ந்த திருத்திய படம் ஒன்று, .AAE என்று முடியும் மிகச் சிறிய கோப்பு ஒன்று. அந்த .AAE கோப்பைத் திறந்தால் படம் வராது என்பதால், ஏதோ குப்பை என்று பலர் நீக்கிவிடுகிறார்கள். அதுதான் குறிப்பு.

வேறு சில மென்பொருள்கள் எல்லாப் படங்களின் குறிப்புகளையும் ஒரே தரவுத்தளத்தில் வைக்கின்றன. லைட்ரூமின் கேட்டலாக் அப்படி. நம் அலுவலகப் பதிவேட்டைப் போல எண்ணிக்கொள்ளுங்கள். படங்கள் அலமாரியில், குறிப்புகள் பதிவேட்டில். படத்தை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்துச் சென்றால் பதிவேடு பின்னால் வராது.

இதனால் ஒரு விந்தை நிகழும். வீட்டில் அழகாகச் செதுக்கிய படத்தைப் பள்ளிக் கணினிக்குக் கொண்டுவந்து திறப்பீர்கள். சைக்கிள் நிறுத்தமும் மணலுமாக முழுப் படமும் தெரியும். "சேமித்தேனே, எங்கே போயிற்று?" என்று திகைப்பார்கள். எங்கும் போகவில்லை. அந்தக் கணினியில் உள்ள படக்காட்டிக்குக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. இதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். செதுக்கிய கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். முழுப் படமும் தெரிந்தால், ஓரம் பத்திரமாக இருக்கிறது.

மற்றவருக்குக் கொடுக்கும்போது Export கொடுத்து ஒரு புதிய ஜேபெக் எடுக்கிறோம். அந்தப் புதிய கோப்பில் சன்னலுக்குள் தெரிந்த பகுதி மட்டும்தான் இருக்கும். படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அப்படியே. செதுக்கியபடி தெரியும் பகுதி மட்டும், அதுவும் சுருக்கப்பட்டுப் போகிறது. பெற்றவர் எத்தனை முயன்றாலும் ஓரம் வராது. ஆகவே "வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டிருக்கிறோமே" என்று மூலத்தை அழித்துவிடக் கூடாது.

ஜிம்ப் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். அதில் இரண்டு வகையும் உண்டு. கிராப் கருவியைத் தேர்ந்தெடுத்தால், கருவிக்கான விருப்பங்களில் Delete cropped pixels என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால் கத்தரிக்கோல். குறி இல்லாவிட்டால் அட்டைச் சட்டம். குறி இல்லாமல் செதுக்கி, .xcf கோப்பாகச் சேமித்தால், பின்னொரு நாள் Image பட்டியலில் Fit Canvas to Layers கொடுக்க முழுப் படமும் திரும்பும். ஜேபெக்காக ஏற்றுமதி செய்த கோப்பில் அது நடக்காது.

கைப்பேசிச் செயலிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். எனவே பெயர்ப் பட்டியல் சொல்வதைவிட, ஐந்து நிமிடச் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஒன்றுக்கும் உதவாத படம் ஒன்றை எடுங்கள். செதுக்கிச் சேமியுங்கள். செயலியை முழுதாக மூடுங்கள். மீண்டும் திறந்து Edit அழுத்துங்கள். Revert என்ற சொல்லோ, செவ்வகத்துக்கு வெளியே மங்கிய ஓரமோ தெரிந்தால் உங்கள் செயலி குறிப்பு எழுதும் வகை. இரண்டும் இல்லையென்றால் கத்தரிக்கோல் வகை. அதில் எப்போதும் Save copy கொடுத்து, நகலை மட்டும் செதுக்குங்கள்.

மறைந்த ஓரம் வெளிப்பட்டால்?

இதுவரை ஓரம் திரும்பி வருவதை நன்மையாகவே பேசினேன். ஆசிரியர்களாகிய நாம் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் படங்களில் இருப்பவர்கள் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் படம் வெளியே போக வேண்டாம் என்று பெற்றோர் சொல்லியிருப்பார்கள். நாமும் அந்தப் பிள்ளை நிற்கும் ஓரத்தைச் செதுக்கிவிட்டு, அறிக்கையில் ஒட்டி அனுப்புகிறோம். அந்த ஓரம் உண்மையில் வெட்டப்பட்டதா, வெறுமனே மறைக்கப்பட்டதா?

வேர்டில் படத்தைச் செருகி, அங்கேயே கிராப் செய்தால், அது மறைப்புதான். வேர்டும் ஒரு குறிப்பைத்தான் எழுதுகிறது. நம் குழுப் படத்தையே வேர்டில் அதே அளவுக்குச் செதுக்கினால், கோப்புக்குள் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
<a:srcRect l="20000" t="10000" r="10000" b="20000"/>
```

எண்கள் பெரிதாக இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். 20000 என்றால் 20 விழுக்காடு. லைட்ரூம் எல்லா எல்லைகளையும் இட மேல் மூலையிலிருந்து அளந்தது. வேர்ட் ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு மறைக்க வேண்டும் என்று எழுதுகிறது. அங்கே வலப்பக்கம் 0.9 என்று இருந்தது இங்கே 10 விழுக்காடாக இருப்பது அதனால்தான். செவ்வகம் ஒன்றே.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். செதுக்கிய படம் உள்ள வேர்ட் கோப்பை ஒரு நகல் எடுங்கள். நகலின் பெயரில் .docx என்று முடிவதை .zip என்று மாற்றுங்கள். வேர்ட் கோப்பு என்பது பல கோப்புகளைக் கட்டிய ஒரு மூட்டை. இப்போது அது பிரியும். உள்ளே word என்ற கோப்புறை, அதற்குள் media என்ற கோப்புறை. அங்கே உங்கள் படம், செதுக்காத முழு வடிவில் இருக்கும். மேலே சொன்ன வரி document.xml என்ற கோப்பில் இருக்கும். இதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டாம். அறிக்கையைப் பெற்றவர் வேர்டில் அந்தப் படத்தின் மீது சொடுக்கி, Crop அழுத்தினாலே போதும். ஓரத்தில் நின்ற பிள்ளை தெரியும்.

இதைத் தவிர்க்க வேர்டிலேயே வழி உண்டு. படத்தைச் சொடுக்கி, Picture Format பகுதியில் Compress Pictures என்பதைத் திறந்து, Delete cropped areas of pictures என்ற கட்டத்தில் குறியிட்டு OK கொடுத்துக் கோப்பைச் சேமிக்க வேண்டும். கோப்பில் பல படங்கள் இருந்தால், Apply only to this picture என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் சொடுக்கிய ஒரு படத்துக்கு மட்டுமே வேலை நடக்கும். முடிந்ததும் மேற்சொன்ன .zip சோதனையைச் செய்து, media கோப்புறையில் ஓரம் இல்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இதைவிட எளிய வழியும் உண்டு. செதுக்கும் வேலையை வேர்டுக்கு வெளியே முடித்து, Export செய்த ஜேபெக்கை மட்டும் வேர்டில் செருகினால், மறைப்பதற்கு ஓரமே இருக்காது.

இதோடு ஒன்று. வேர்டுக்குள் முழுப் படமும் இருக்கிறது என்பதால் அதையே சேமிப்பிடமாக நம்பிவிடாதீர்கள். வழக்கமான அமைப்பில், சேமிக்கும்போது படத்தின் அடர்த்தியை வேர்ட் குறைக்கக்கூடும். ஓரம் திரும்பி வரும். ஆனால் பழைய தெளிவோடு வரும் என்று சொல்ல முடியாது.

"கத்தரிக்கோல் வகை மென்பொருளில் செதுக்கினால் இந்த அச்சம் இல்லை அல்லவா?" என்று கேட்கலாம். பொதுவாக இல்லை. ஆனால் 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பிழையை வெளிப்படுத்தினார்கள். கூகுள் பிக்சல் கைப்பேசிகளில் திரைப்பிடிப்புகளைச் செதுக்கும் மார்க்கப் என்ற கருவியில் அது இருந்தது. செதுக்கிய சிறிய படத்தைப் பழைய கோப்பின் மீதே எழுதிய அந்தக் கருவி, மிச்சமிருந்த பழைய பகுதியை நறுக்காமல் விட்டுவிட்டது. கேசட்டில் பழைய பாட்டின் மேல் சிறிய பாட்டு ஒன்றைப் பதிவுசெய்தால், அது முடிந்ததும் பழைய பாட்டின் கடைசிப் பகுதி ஒலிக்குமே, அப்படித்தான். அந்த வாலிலிருந்து, வெட்டியதாக நினைத்த படப்பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே வகைப் பிழை இருந்தது தெரியவந்தது. இரண்டு நிறுவனங்களும் திருத்தம் வெளியிட்டன. என்றாலும் திருத்தத்துக்கு முன்பே செதுக்கி அனுப்பிய கோப்புகள் அப்படியேதான் இருக்கும்; திருத்தம் அவற்றைத் தேடிப் போவதில்லை.

இந்த இரண்டையும் பிரித்து அறிவது முக்கியம். குறிப்பு எழுதும் மென்பொருளில் ஓரம் இருப்பது திட்டமிட்ட ஏற்பாடு. எங்கே இருக்கிறது, எப்படி நீக்குவது என்பது நமக்குத் தெரியும். பிக்சலில் நேர்ந்தது பிழை; ஓரம் இருப்பதே பயன்படுத்தியவருக்குத் தெரியாது.

பள்ளியில் செய்யக்கூடியது

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நடைமுறையைச் சொல்லி முடிக்கிறேன். விழா முடிந்ததும் கேமராவிலோ கைப்பேசியிலோ உள்ள படங்களைத் தொடாமல், ஆண்டும் நிகழ்வும் எழுதிய ஒரு கோப்புறையில் நகலெடுங்கள். அதற்கு "மூலம்" என்று பெயரிடுங்கள். பெயிண்ட் போன்ற மென்பொருளால் அந்தக் கோப்புறையில் எதையும் திறக்க வேண்டாம். செதுக்குவதைக் குறிப்பு எழுதும் மென்பொருளில் செய்யுங்கள். வெளியே அனுப்ப வேண்டியவற்றை Export செய்து, "அனுப்பியவை" என்ற தனிக் கோப்புறையில் வையுங்கள். அறிக்கையிலும் குழுவிலும் செல்வது அந்தக் கோப்புறையில் உள்ளது மட்டுமே. மூலக் கோப்புறையை வேறு கணினிக்கு மாற்றும்போது, .xmp போன்ற சிறு கோப்புகளையும் சேர்த்து முழுக் கோப்புறையாக நகர்த்துங்கள். கோப்புகளின் பெயரை இடையில் மாற்ற வேண்டாம்.

இப்படிச் செய்தால், உள்ளே வைத்திருக்க வேண்டிய ஓரம் உள்ளே இருக்கும். வெளியே போகக் கூடாத ஓரம் வெளியே போகாது. பத்தாண்டு கழித்து மலர் போடுகிறவர்கள் ஓரத்தில் நின்ற ஒருவரைத் தேடி வரும்போது, அவர்கள் செய்ய வேண்டியது எல்லையைப் பிடித்துச் சற்று இழுப்பது மட்டும்தான்.